பதிவுகளைக் கேட்டு நன்றியுரை எழுதுவது எப்படி?

கருத்தரங்கின் கடைசி அமர்வு முடிந்ததும் நன்றியுரை சொல்ல வேண்டியவர் நீங்கள். எல்லா அமர்வுகளும் பதிவாகின்றன. ஆனால் ஐந்து மணி நேரப் பதிவைக் கேட்க ஐந்து மணி நேரம் வேண்டுமே! அதனால் காலையிலேயே ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: நேரம் குறியுங்கள்

ஒவ்வொரு பதிவும் தொடங்கும் மணியைத் தாளில் எழுதுங்கள். பேச்சில் ஏதாவது மனதைத் தொட்டால் அப்போதைய மணியையும் ஒரு சொல்லையும் மட்டும் குறித்தால் போதும். பதிவு 10:05க்குத் தொடங்கியது, நீங்கள் குறித்தது "10:47, மோட்டார்" என்றால், அந்தப் பேச்சு பதிவின் 42ஆவது நிமிடத்தில் இருக்கும். நாம் எழுதுவதற்குள் பேச்சாளர் அடுத்த வரிக்குப் போயிருப்பார், ஆகவே 41இலிருந்து கேளுங்கள்.

படி 2: இடைவேளையில் கேளுங்கள்

குறித்த இடங்களையும், பேச்சாளர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட பகுதியையும் மட்டும் கேளுங்கள். தம் பெயரை அவரே எப்படி உச்சரிக்கிறார் என்பது அங்கேதான் தெரியும். அழைப்பிதழை நம்பி மேடையில் பெயரைத் தப்பாகச் சொன்ன அனுபவம் எனக்கு உண்டு.

கேள்வி பதில் நேரத்தையும் விடாதீர்கள். எழுதி வைத்ததை வாசிக்கும்போது வராத உயிர் அங்கே வரும்.

படி 3: ஆளுக்கு ஒரு செய்தி

நிலத்தடி நீர் பற்றிய கருத்தரங்கு என்று வைத்துக்கொள்வோம். "சிறப்பானதொரு உரை வழங்கிய ஐயா அவர்களுக்கு நன்றி" என்பதை எந்த மேடையிலும் சொல்லலாம், அதனால் அது யாருக்கும் ஒட்டாது. 42ஆவது நிமிடத்தைக் கேட்ட பிறகு இப்படி எழுதலாம்:

"மோட்டாரை நிறுத்தியதும் கிணற்றின் நீர்மட்டத்தை அளக்காதீர்கள், நீர் ஊறி நிலைக்கு வரட்டும் என்றார் ஐயா. அவசரமாக அளந்துவிட்டு, கிணறு வற்றுகிறது என்று பயந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறோம். நன்றி ஐயா."

விளக்கம் இதற்கு மேல் நீண்டால் அது நன்றியுரை இல்லை, இன்னொரு அமர்வு. பதிவு இரைச்சலாக இருந்து சொற்கள் சரியாகக் கேட்கவில்லையா? அவர் சொன்னதாகச் சொல்லாதீர்கள். தலைப்பை மட்டும் குறிப்பிட்டு நன்றி சொல்லுங்கள்.

படி 4: வரிசை

தலைமை வகித்தவர், சிறப்பு விருந்தினர், பேச்சாளர்கள், இடமும் பணமும் தந்தவர்கள், பங்கேற்றவர்கள் என்று போகலாம். பதிவு செய்தவரையும் ஒலிபெருக்கி பார்த்தவரையும் பெயர் சொல்லி அழையுங்கள். அவர்கள் பெயர் எந்தப் பதிவிலும் இருக்காது, நேரில்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எழுதியதை உரக்கப் படித்து நேரம் பாருங்கள். நான்கு நிமிடம் தாண்டினால் பெயர்களை வெட்டாமல் அடைமொழிகளை வெட்டுங்கள்.

படி 5: கடைசிப் பேச்சாளர்

அவருடைய பதிவைக் கேட்க நேரம் கிடைக்காது. தாளில் அவருக்கு மூன்று வரி காலியாக விடுங்கள். அவர் பேசும்போது முன்வரிசையில் உட்கார்ந்து, காதில் விழுந்ததை அப்படியே கையால் நிரப்புங்கள்.