சீ.வி.யில் ஒரே சொல்லைப் பத்துத் தடவை எழுதினால் புள்ளி ஏறுமா?

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு உதவியாளர் வெற்றிடம் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் கேட்டிருப்பவை மூன்று: excel, quickbooks, payroll. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் இருந்து 40 சீ.வி. வந்திருக்கின்றன. எதை முதலில் வாசிப்பது என்று கணினி எப்படி வரிசைப்படுத்துகிறது என்பதைக் கையால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எல்லா மென்பொருளும் ஒரே முறையைப் பயன்படுத்துவதில்லை. நான் எடுத்துக்கொள்வது BM25. 1990களில் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறைதான் இன்று Elasticsearch போன்ற தேடல் மென்பொருள்களில் இயல்பாகவே இருக்கிறது.

படி 1: எத்தனை தடவை என்று எண்ணுங்கள்

முதலாமவர் தன் சீ.வி.யில் excel என்று 10 தடவை எழுதியிருக்கிறார். மற்ற இரண்டு சொற்களும் இல்லை. இரண்டாமவர் மூன்றையும் ஒவ்வொரு தடவை எழுதியிருக்கிறார். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 10க்கு 3. முதலாமவர் மேலே போய்விடுவார். வெறும் எண்ணிக்கையை நம்ப முடியாதது இதனால்தான்.

படி 2: எண்ணிக்கையை அமுக்குங்கள்

பைதான் இருந்தால் இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
def tf(n, dl=300, avg=300, k=1.2, b=0.75):
    return n*(k+1) / (n + k*(1-b+b*dl/avg))

for n in (1, 2, 3, 5, 10, 20):
    print(n, round(tf(n), 3))
```

ஒரு தடவைக்கு 1 புள்ளி வரும். இரண்டுக்கு 1.375, மூன்றுக்கு 1.571, ஐந்துக்கு 1.774, பத்துக்கு 1.964, இருபதுக்கு 2.075. இரண்டாவது தடவை எழுதியதால் 0.375 கூடியது, பத்தாவது தடவையால் கூடுவதோ 0.023 மட்டும்தான். n மேலேயும் கீழேயும் சேர்ந்தே வளர்வதால், ஆயிரம் தடவை எழுதினாலும் விடை k+1 ஐ, அதாவது 2.2 ஐத் தாண்டாது. ஒரு சொல்லை ஒரு தடவை சொன்னாலே அந்த உச்சத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்துவிடுகிறது.

படி 3: சொல் எவ்வளவு அரிது என்று பாருங்கள்

40 பேரில் 30 பேர் excel எழுதியிருந்தால் அந்தச் சொல் ஆளைப் பிரித்துக் காட்டாது. இதற்கான எடை:

```
ln(1 + (N - n + 0.5) / (n + 0.5))
```

N மொத்த சீ.வி.கள், இங்கே n என்பது அந்தச் சொல் உள்ள சீ.வி.கள். excel 30 பேரிடம் இருப்பதால் எடை 0.30. quickbooks 8 பேரிடம்: 1.57. payroll 4 பேரிடம்: 2.21.

சரி, இப்போது பெருக்கிக் கூட்டுங்கள். முதலாமவருக்கு 0.30 × 1.964, ஏறக்குறைய 0.59. இரண்டாமவருக்கு 0.30 + 1.57 + 2.21 = 4.08. முதலாமவர் excel என்பதைப் பக்கம் முழுக்க நிரப்பினாலும் 0.66க்கு மேல் போக வழியில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேறெதுவும் இல்லாமல் payroll என்பதை மட்டும் 10 தடவை எழுதியவருக்கு 2.21 × 1.964 = 4.34 வரும். அவர் இரண்டாமவரை முந்திவிடுவார்! திரும்பச் சொல்வதன் பலன் சீக்கிரமே தேய்ந்துவிடுகிறது என்பது உண்மை, ஆனால் அரிய சொல் ஒன்றில் அந்த 2.2 மடங்குக்குள்ளேயே இடம் மாறலாம். ஆள் எடுப்பவர்கள் முதல் பத்து சீ.வி.களையாவது கண்ணால் வாசிக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

படி 4: நீளம்

மேலே எல்லாரும் சராசரி 300 சொற்கள் எழுதியதாக வைத்தோம். இரண்டாமவர் 600 சொற்களில் எழுதியிருந்தால் tf(1, dl=600) என்பது 0.71 ஆகிவிடும், அவருடைய 4.08, 2.9க்கு இறங்கும். பாடசாலைக் காலத்துப் போட்டிச் சான்றிதழ்களையெல்லாம் வரிசையாக அடுக்குவது இப்படித்தான் புள்ளியைத் தின்கிறது.

புள்ளி பூச்சியமாகும் இடங்கள்

சொல் பொருந்தினால்தான் மேலே சொன்ன கணக்கே தொடங்கும். quick books என்று பிரித்து எழுதினால் சாதாரண அமைப்பில் அது வேறு இரண்டு சொற்கள். தமிழில் எழுதும்போது இது இன்னும் கடினம்: விளம்பரத்தில் 'கணக்கியல்' என்றிருக்க, நீங்கள் 'கணக்கியலில் டிப்ளோமா' என்று மட்டும் எழுதினால், வேற்றுமை உருபைக் கழிக்கத் தெரியாத மென்பொருளுக்கு அந்தச் சொல் உங்களிடம் இல்லை. ஆகவே விளம்பரத்தில் உள்ள வடிவத்திலேயே ஓரிடத்தில் எழுதிவிடுங்கள்; இன்னோரிடத்தில் அந்த வேலையை எங்கே, எவ்வளவு காலம் செய்தீர்கள் என்று சொல்லும்போது அது இயல்பாகவே வந்துவிடும். அதற்கு மேல் தேவையில்லை.

அச்சிட்டதை ஸ்கேன் பண்ணி அனுப்புகிறவர்கள் அனுப்புமுன் அந்த PDFஐத் திறந்து, ஒரு வரியைத் தெரிவுசெய்து Notepad இல் ஒட்டிப் பாருங்கள். எழுத்து வராவிட்டால் அது வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி அந்த மென்பொருளில் இல்லையென்றால், எண்ணுவதற்கு அங்கே ஒரு சொல்லும் இருக்காது.