உழுந்து வடை: வெளியே கறுக்குமுன் உள்ளே வேகவைப்பது

நல்ல பொன்னிறத்தில் எடுத்த வடையைப் பிய்த்துப் பார்க்கும்போது, நடுவில் சாம்பல் நிறத்தில் பசைபோல ஒரு கோடு ஓடினால் அது வேகாத உழுந்து. இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம் என்று அடுத்த ஈட்டை விட்டால் அது கறுத்துப் போகும். மெதுவடை என்று கடைப் பலகையில் எழுதியிருப்பதும் திருகோணமலையில் நாங்கள் உழுந்து வடை என்று சொல்வதும் ஒன்றுதான். இந்தத் தொல்லையும் இரண்டுக்கும் பொதுவானது.

காரணம் எளிது. அரைத்த உழுந்தில் பாதிக்கும் மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை வடையின் உட்புறம் 100 பாகைக்கு மேல் சூடேறாது. வெளித்தோலோ எண்ணெய் பட்டதும் காய்ந்து, 140 பாகையைத் தாண்டிச் சிவக்கத் தொடங்கிவிடும். ஆகவே நெருப்பைக் கூட்டினால் தோல்தான் விரைவாகச் சிவக்குமே தவிர, உள்ளே அந்த வேகத்தில் வேகாது. உட்புறத்துக்கு வேண்டியது நேரம். தோல் கறுக்காமல் அந்த நேரத்தை எப்படி வாங்குவது என்பதுதான் இங்கே வேலை.

மாவு

பாதித் தவறு அடுப்புக்கு வருமுன்னே நடந்துவிடுகிறது. கோது நீக்கிய உழுந்து 250 கிராம் எடுத்து இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். எங்கள் ஊர் வெக்கையில் அதற்கு மேல் வேண்டாம். இரவு முழுவதும் ஊறிய உழுந்து தண்ணீரை அதிகம் குடித்துவிடும். அரைத்தால் மாவு இளகும், பொரிக்கும்போது எண்ணெயையும் குடிக்கும்.

தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு அரையுங்கள். கிரைண்டர் இருந்தால் நல்லது. பிளெண்டர் என்றால் மாவு சூடாகிவிடும், அதனால் குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாகத் தெளியுங்கள். மொத்தம் ஐந்து கரண்டிக்குள் முடிய வேண்டும். அரைத்த பிறகு கையால் ஒரே பக்கமாக மூன்று நிமிடம் அடியுங்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் சிறு துளி மாவைப் போட்டால் அது மிதக்க வேண்டும். அடியில் கிடந்தால் மாவில் காற்று போதாது. காற்றில்லாத மாவு களிபோல அடர்ந்திருக்கும், சூடு உள்ளே போக வழியிருக்காது.

உப்பையும் சின்ன வெங்காயத்தையும் பொரிக்கப் போகும் நேரத்தில் மட்டும் சேருங்கள். முன்பே சேர்த்தால் வெங்காயம் தண்ணீர் விட்டு, அடித்த மாவு தளர்ந்துவிடும். மிளகு, சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை எப்போது சேர்த்தாலும் பாதகமில்லை.

துளை அழகுக்கு இல்லை

தேசிக்காய் அளவு மாவை நனைத்த உள்ளங்கையில் வைத்து, சுண்டுவிரல் தடிப்புக்குச் சற்று அதிகமாகத் தட்டுங்கள். பெருவிரலை நனைத்து நடுவில் துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் நடுமாவு எண்ணெயிலிருந்து வெகு தூரத்தில் கிடக்கும். துளை போட்டதும் எந்த இடமும் எண்ணெயிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தூரத்துக்குள் வந்துவிடுகிறது. வடை உப்பும்போது துளை சுருங்கும், எனவே வேண்டியதைவிடப் பெரிதாகவே போடுங்கள். என் முதல் வடைகள் எண்ணெயில் விழுந்த அரை நிமிடத்தில் துளை மூடி உருண்டைகளாகிவிட்டன. அப்படி மூடியது சில வேளை வெடித்து எண்ணெய் தெறிக்கும், கவனம்.

வைரவருக்குச் சாத்தும் வடைமாலை வடைகளைக் கவனித்திருக்கிறீர்களா? மெல்லிதாக, பெரிய துளையோடு இருக்கும். நூலில் கோர்க்கத்தான் அந்தத் துளை, ஆனால் அதனால்தான் அவை உள்ளே வேகாமல் போவதே இல்லை.

எண்ணெய்

நாங்கள் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயில் பொரிக்கிறோம். சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 175 பாகையிலேயே புகையத் தொடங்கும். வடைக்கு வேண்டியது 165 முதல் 170 வரை. ஆகவே புகை கண்டால் எண்ணெய் சூடாகிவிட்டது என்று மகிழ வேண்டாம், எல்லை தாண்டிவிட்டது. ஏற்கெனவே பலமுறை பொரித்த எண்ணெய் இன்னும் சீக்கிரம் புகையும்.

வெப்பமானி இல்லாதவர்களுக்கு மாவுத் துளியே போதும். தாச்சியில் இரண்டு அங்குலம் எண்ணெய் விட்டு, நடுத்தர நெருப்பில் வையுங்கள். மிளகளவு மாவைப் போடுங்கள். அடியில் தங்கி மெதுவாகக் குமிழ் விட்டால் எண்ணெய் ஆறிக் கிடக்கிறது. போட்டவுடன் துள்ளி மேலே வந்து சிவந்தால் சூடு மிஞ்சிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் நேரத்தில் எழுந்து, சிவக்காமல் மிதந்தால் வடையைப் போடலாம்.

சூடு மிஞ்சினால் நெருப்பைக் குறைப்பதால் மட்டும் ஆகாது. தடித்த இரும்புத் தாச்சி பல நிமிடம் சூட்டை வைத்திருக்கும். ஒரு அகப்பை குளிர்ந்த எண்ணெயை விளிம்போரமாக மெதுவாக விடுங்கள், அகப்பையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இருக்கக் கூடாது.

ஒரு ஈடு, நிமிடக் கணக்கில்

போன வெள்ளிக்கிழமை உப்புவெளியில் பெரியம்மாவின் குசினியில் நான் பொரித்ததைச் சொல்கிறேன். தாச்சியில் ஆறு கொள்ளும், நான்கு மட்டும் போட்டேன். நெருக்கிப் போட்டால் எண்ணெய் சட்டென்று ஆறும். பிறகு நெருப்பைக் கூட்டத் தோன்றும், அங்கேதான் அடுத்த ஈடு கறுக்கிறது.

போட்டதும் நெருப்பைச் சற்றுக் கூட்டினேன். அரை நிமிடத்தில் வடைகள் எழுந்து மிதந்தன, நெருப்பை நடுத்தரத்துக்கும் கீழே இறக்கினேன். ஒன்றரை நிமிடத்தில் ஓரம் வெளிர்மஞ்சளாகி இறுகியது, திருப்பிப் போட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு நிமிடமும் ஒருமுறை திருப்பினேன். மூன்றாம் நிமிடத்திலேயே நிறம் வந்துவிட்டது. எடுக்கக் கை நீண்டபோது பெரியம்மா தடுத்தார்.

“நிறத்தைப் பார்க்காதே பிள்ளை, சத்தத்தைக் கேள்.”

அப்போதும் எண்ணெய் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறும் சத்தம். நெருப்பை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டுக் காத்திருந்தேன். ஐந்தாம் நிமிடத்தில் குமிழ்கள் சிறுத்து, சத்தம் தாழ்ந்தது. பெரியம்மா கழுவித் துடைத்து வைத்திருந்த ஈர்க்கை, துளைக்கும் ஓரத்துக்கும் நடுவே தடித்த இடத்தில் குத்தி இழுத்தார். ஈர்க்கில் மாவு ஒட்டவில்லை. ஒன்றைப் பிய்த்தோம், உள்ளே வெள்ளையாகச் சிறு துவாரங்களோடு பஞ்சுபோல் இருந்தது.

அடுத்த ஈட்டுக்கு முன் மறுபடியும் மாவுத் துளி போட்டுப் பாருங்கள். முதல் ஈட்டுக்குச் சரியாக இருந்த எண்ணெய், வெறுமனே நின்ற ஒரு நிமிடத்தில் ஏறியிருக்கும்.

ஏற்கெனவே கறுத்து, உள்ளே வேகாத வடைகள் கைவசம் இருந்தால் திரும்ப எண்ணெயில் போடாதீர்கள், கசந்துவிடும். இடியப்பச் சட்டியில் வைத்து ஏழெட்டு நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். மொறுமொறுப்பு போய்விடும், உள்ளே வெந்துவிடும். கரிந்த தோலைச் சுரண்டிவிட்டுத் தயிரில் ஊறப்போட்டால் பின்னேரத் தேநீருக்கு முன் தட்டு காலியாகிவிடும்.