மே மாதத் தேறிய விற்பனை ஏன் மைனஸில் வருகிறது? ஒன்லைன் கடைக்காரர்களுக்கான செய்முறை விளக்கம்

மாத முடிவில் விற்பனை அறிக்கையைத் திறந்தால் தேறிய விற்பனை என்ற இடத்தில் −45,000 ரூபாய் என்று நிற்கிறது. அந்த மாதமும் ஓடர்கள் வந்தன, பார்சல்கள் போயின. அப்படியிருக்க விற்பனை எப்படிப் பூச்சியத்துக்குக் கீழே போகும்? பெரும்பாலும் மென்பொருள் பிழை செய்திருக்காது. ஆனாலும் நம்பிவிட்டுப் போகாமல் சரிபார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒரு எக்செல் தாளும் அரை மணி நேரமும் போதும்.

முதலில் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம். ஷொப்பிஃபை, வூகொமர்ஸ் இரண்டிலுமே தேறிய விற்பனை என்பது மொத்த விற்பனையிலிருந்து விலைக்கழிவையும் திருப்பிக் கொடுத்த தொகையையும் கழித்தபின் மிஞ்சுவது. இங்கே கவனிக்க வேண்டியது திகதி. விற்பனை, பொதுவாக ஓடர் வந்த நாளில் பதிவாகிறது. காசைத் திருப்பிக் கொடுத்தால், அது கொடுத்த நாளில் தனிப் பதிவாக விழுகிறது. பழைய ஓடரின் நாளுக்குப் போய் அங்கே கழிபடுவதில்லை. முடிந்த மாதத்தின் கணக்கு பிறகு மாறக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஏப்ரல் அறிக்கையைக் கணக்காளரிடம் கொடுத்த பிறகு, மே மாதத்தில் நடந்த ஒன்றால் அந்த எண் தானாக இறங்கினால் இரண்டு பேரிடமும் இரண்டு ஏப்ரல்கள் இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெள்ளவத்தையில் சேலை விற்கும் ஒரு ஒன்லைன் கடை. சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்தால் ஏப்ரலில் விலைக்கழிவு போக 600,000 ரூபாய் விற்பனை. திரும்பி வந்தது எதுவும் இல்லை. புத்தாண்டுச் செலவு முடிந்த மே மாதத்தில் கை இறுகிவிடும். மொத்த விற்பனை 150,000, விலைக்கழிவு 10,000, ஆகவே 140,000. அதே மே மாதத்தில் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது 185,000. 140,000இலிருந்து 185,000ஐக் கழித்தால் −45,000.

படி 1: பதிவுகளை ஒரே தாளில் எடுங்கள்

ஏப்ரல், மே இரண்டு மாதங்களின் பதிவுகளையும் இறக்கி ஐந்து நிரல்களில் அடுக்குங்கள். A நிரலில் பதிவான திகதி, Bயில் ஓடர் இலக்கம், Cயில் மூல ஓடரின் திகதி, Dயில் வகை, Eயில் விலைக்கழிவு போக மிஞ்சும் தொகை. விற்பனைக்கு S என்றும் திருப்பிக் கொடுத்ததற்கு R என்றும் வகை இடுங்கள். R வரிகளின் தொகை மைனஸில் இருக்க வேண்டும். C நிரலை நிரப்புவதுதான் கொஞ்சம் மெனக்கெட வேண்டிய வேலை: ஒவ்வொரு R வரிக்கும் ஓடர் இலக்கத்தை வைத்து அந்த ஓடர் முதலில் வந்த நாளைத் தேடிப் போட வேண்டும். இதைத் தவிர்த்தால் மீதி எதுவும் வேலை செய்யாது.

படி 2: பழைய ஓடர்களுக்குப் போன காசைப் பிரியுங்கள்

மே மாதத்தில் கொடுத்த தொகையில், மே மாதத்துக்கு முந்திய ஓடர்களுக்கானது எவ்வளவு என்று இந்தச் சூத்திரம் சொல்லும்:

```
=SUMIFS(E:E,D:D,"R",A:A,">="&DATE(2025,5,1),A:A,"<"&DATE(2025,6,1),C:C,"<"&DATE(2025,5,1))
```

நமது கடையில் விடை −165,000. பிரித்துப் பார்த்தால், ஏப்ரல் 28இல் ஒரு விழாவுக்காக ஒருவர் எடுத்த 30 சேலைகள், ஒன்று 4,000 வீதம் 120,000. நிறம் மாறிப் போனதால் மே 9இல் முழுவதும் திரும்பியது. மீதி 45,000, ஏப்ரல் கடைசியில் வந்த ஒன்பது சிறிய ஓடர்கள், ஒன்று 5,000 வீதம். ஆக, மே மாத ஓடர்களுக்கே திருப்பிக் கொடுத்தது 20,000 மட்டும்.

படி 3: ஓடர் மாதத்தின்படி மறுபடி கூட்டுங்கள்

இப்போது தாளில் உள்ள ஒவ்வொரு தொகையையும் அதன் மூல ஓடரின் மாதத்தில் வைத்து, அறிக்கையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

| | பதிவான திகதிப்படி | ஓடர் திகதிப்படி |
|---|---|---|
| ஏப்ரல் | 600,000 | 435,000 |
| மே | −45,000 | 120,000 |
| கூட்டுத்தொகை | 555,000 | 555,000 |

கடைசி வரி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஏதோ ஒரு பதிவு விடுபட்டிருக்கிறது அல்லது இருமுறை வந்திருக்கிறது. மார்ச் மாத ஓடருக்கான R வரி ஒன்று கலந்திருந்தாலும் இப்படி ஆகும். அப்போது மார்ச்சையும் தாளில் சேருங்கள்.

படி 4: உண்மையான பிழையைக் கண்டுபிடிக்கும் சோதனை

இந்த விளக்கத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். எல்லாம் சரியாக நடந்தால், ஒரு ஓடருக்கு வாங்கிய காசைவிடக் கூடுதலாக யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஆகவே ஓடர் திகதிப்படி பார்க்கும்போது எந்த மாதமும் பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது. வலப்பக்க நிரலில் மைனஸ் வந்தால் அது பழைய ஓடர்களின் விளைவு அல்ல, பதிவில் கோளாறு. ஓடர் இலக்கம் வாரியாகக் கூட்டி, எந்த ஓடரின் மீதி மைனஸில் நிற்கிறது என்று தேடுங்கள்.

அப்படி அகப்படும் ஓடர்களில் வழக்கமாக இருப்பவை மூன்று. ஒரே ஓடருக்கு இருவர் தனித்தனியாகப் பணம் திருப்பியதாகப் பதிந்திருப்பார்கள். அல்லது 20 சதவீதக் கழிவில் 4,000 ரூபாய்க்கு விற்ற சேலைக்கு, கழிவுக்கு முந்திய 5,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். இதில் 1,000 ரூபாய் கையை விட்டே போய்விட்டது. அல்லது நீங்கள் கையால் தயாரித்த தாளில் டெலிவரிக் கட்டணத்தையும் சேர்த்து எழுதியிருப்பீர்கள். தேறிய விற்பனையில் டெலிவரிக் கட்டணம் சேராது. 5,000 ரூபாய்ச் சேலையும் 400 ரூபாய் டெலிவரியும் சேர்த்து 5,400 திருப்பினால் தேறிய விற்பனை குறைவது 5,000 மட்டுமே. வங்கிக் கூற்றோடு இந்த எண் பொருந்தாததற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்யக்கூடாதது

மைனஸைப் பார்த்துப் பதறி, பழைய ஓடரை அழிக்கவோ "ரத்து" என்று மாற்றவோ வேண்டாம். வூகொமர்ஸின் அறிக்கைகளில் ரத்தான ஓடர்கள் வழக்கமான அமைப்பில் சேர்வதில்லை. ஏப்ரல் ஓடரை மே மாதத்தில் ரத்து என்று மாற்றினால் ஏப்ரல் விற்பனை சத்தமில்லாமல் இறங்கிவிடும். கேஷ் ஒன் டெலிவரி ஓடரை வாடிக்கையாளர் வாங்க மறுத்து கூரியர் திருப்பிக் கொண்டுவரும்போது இந்தக் குழப்பம் அதிகம் நடக்கிறது. அங்கே காசே கைமாறவில்லை என்றாலும் விற்பனை ஏற்கெனவே பதிவாகியிருக்கும். திரும்பி வரும் பார்சலை எப்படிப் பதிவது என்று ஒரு முறையை முடிவுசெய்து, எல்லா மாதமும் அதையே பின்பற்றுங்கள்.

கடையின் நேர வலயத்தையும் ஒருமுறை பாருங்கள். அது `Asia/Colombo` என்று இல்லாமல் `UTC` என்று இருந்தால், இலங்கை நேரப்படி மே 1 அதிகாலை 5.30க்கு முன் நடந்ததெல்லாம் ஏப்ரல் 30இல் விழும்.

எந்த எண்ணை எதற்குப் பயன்படுத்துவது?

மாதக் கணக்கை முடிப்பதற்குப் பதிவான திகதிப்படியான −45,000ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரம் நன்றாக நடக்கிறதா, எந்தச் சரக்கு திரும்புகிறது என்று அறிய ஓடர் திகதிப்படியான நிரலைப் பாருங்கள். மே மாதத்தில் கொடுத்த 185,000ஐ மே மாதத்தின் 140,000ஆல் வகுத்தால் திரும்பும் வீதம் 132 சதவீதம் என்று அர்த்தமில்லாத ஒரு எண் வரும். சரியான கணக்கு, ஏப்ரல் ஓடர்களுக்கு 165,000ஐ 600,000ஆல் வகுத்து 27.5 சதவீதம், மே மாதத்துக்கு 20,000ஐ 140,000ஆல் வகுத்து ஏறக்குறைய 14 சதவீதம்.

அந்த 14 சதவீதம் இன்னும் முடிந்த எண் அல்ல. நீங்கள் பொருளைத் திருப்பித் தர 14 நாள் அவகாசம் கொடுப்பவரானால், மே கடைசியில் வாங்கியவர்களுக்கு ஜூன் நடுப்பகுதி வரை நேரம் இருக்கிறது. ஆகவே இந்த நிரலை ஜூன் 20 அளவில் இன்னொரு தடவை கணக்கிட்டு, அதன் பிறகே ஏப்ரலோடு ஒப்பிடுங்கள்.