'Slow 4G'-இல் எல்லாம் சரியாக ஓடியது: மோசமான இணையத்தைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மளிகைப் பொருட்களை ஆர்டர் செய்யும் ஒரு செயலியைச் சோதிக்கும் குழுவில் சில காலம் இருந்தேன். பொருட்பட்டியல், தேடல், ஆர்டரை உறுதிசெய்தல் என்று அதில் மூன்று முக்கியத் திரைகள் இருந்தன. இணையப் பதிப்பைக் குரோம் டெவ்டூல்ஸில் 'Slow 4G' என்று மாற்றி ஒவ்வொரு திரையையும் திறந்து பார்த்தோம்; எல்லாம் மெதுவாக வந்தன, ஆனால் சரியாக வந்தன. அதையே போதுமென்று எடுத்துக்கொண்டு, ஒரே சர்வரைப் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு பதிப்பையும் வெளியிட்டோம். சில நாட்களிலேயே ஒரே கூடைக்கு இரண்டு ஆர்டர்கள் பதிவான புகார்கள் வரத் தொடங்கின. நாங்கள் சோதித்தது மெதுவான இணையம். வாடிக்கையாளர்களிடம் இருந்ததோ நின்று நின்று ஓடும் இணையம். இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதியதிலிருந்துதான் கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் கிளைத்தன.

முதல் தவறு, டெவ்டூல்ஸின் வேகக் கட்டுப்பாடு எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதைப் பார்க்காமல் விட்டது. அது பாக்கெட் அளவில் அல்ல, கோரிக்கை அளவில் இயங்குகிறது. பதில் உலாவியின் கைக்கு வந்த பிறகு அதைப் பிடித்துவைத்து, குறித்த தாமதம் கழித்துக் குறித்த வேகத்தில் பக்கத்துக்குக் கொடுக்கிறது. எனவே டிஎன்எஸ் தேடல், டிசிபி இணைப்பு, டிஎல்எஸ் கைகுலுக்கல் ஆகிய எல்லாம் அலுவலக வைஃபையின் முழு வேகத்திலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. தனிப்பயன் சுயவிவரத்தில் 'Packet Loss' என்றொரு கட்டம் இருப்பதைப் பார்த்து அங்கே 5 என்று எழுதிவிட்டு நிம்மதியடைபவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் செய்தேன். அந்தக் கட்டம் WebRTC அழைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும், சாதாரணக் கோரிக்கைகளை அது தொடுவதே இல்லை.

பாக்கெட் அளவில் சோதிக்க எளிய வழி, ஒரு லினக்ஸ் லேப்டாப்பைக் கம்பி இணையத்தில் இணைத்து, அதன் வைஃபையை ஹாட்ஸ்பாட்டாக்கி, சோதனைக் கைபேசியை அதில் சேர்ப்பதாகும். லினக்ஸ் கெர்னலில் உள்ள netem என்ற வசதி, வெளியே போகும் பாக்கெட்டுகளைத் தாமதப்படுத்தவும் கைவிடவும் செய்யும். 'வெளியே போகும்' என்ற சொல்லைக் கவனிக்காதவர்கள் ஒரு பக்கத்தை மட்டுமே கெடுத்துவிட்டு இரண்டு பக்கமும் கெட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். லேப்டாப் நடுவில் நிற்பதால் கைபேசியின் பதிவிறக்கம் `wlan0` வழியாக வெளியேறுகிறது, பதிவேற்றம் `eth0` வழியாக வெளியேறுகிறது. ஆகவே இரண்டிலும் தனித்தனியாகக் கட்டளையிட வேண்டும்.

```
sudo tc qdisc add dev wlan0 root netem delay 150ms loss 2%
sudo tc qdisc add dev eth0  root netem delay 150ms loss 2%
```

செயலியைத் திறப்பதற்கு முன் அந்த ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த கைபேசியிலிருந்து சோதனைச் சர்வருக்கு 200 முறை `ping` அனுப்பிப் பாருங்கள். போய்வரும் நேரம் வழக்கத்தைவிட 300 மில்லிவினாடி கூடியிருக்க வேண்டும். இழப்பு ஏறத்தாழ 4 சதவீதமாக இருக்க வேண்டும், ஏனெனில் போகும்போது 2 சதவீதமும் திரும்பும்போது 2 சதவீதமும் தொலைகின்றன. 150 மில்லிவினாடி மட்டும் கூடியிருந்தால் ஏதோ ஒரு பக்கக் கட்டளை ஏறவில்லை என்று பொருள். செயலி ஓடும் கணினியிலேயே netem-ஐ வைத்துச் சோதிப்பதையும் தவிர்க்கலாம். அனுப்புகிற கணினியின் டிசிபி அடுக்கு தன் வரிசையில் பாக்கெட்டுகள் தேங்குவதை உணர்ந்து தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும் என்பதால் கிடைக்கும் முடிவு உண்மையான வலைப்பின்னலைப் போல இருக்காது.

அடுத்த தவறு, மோசமான இணையம் என்றால் அகலம் குறைந்த குழாய் என்று மட்டும் எண்ணி, வினாடிக்கு எத்தனை கிலோபிட் என்ற எண்ணை மட்டும் குறைத்துக்கொண்டே போவது. பட்டியல் திரையில் இதன் விளைவை நேராகக் காணலாம். அந்தத் திரையின் மேலே ஏறத்தாழ 400 கிலோபைட் அளவில் ஒரு படம் இருந்தது. போய்வரும் நேரம் 300 மில்லிவினாடி, இழப்பு இல்லை என்றால், டிசிபி முதலில் 10 பாக்கெட், பிறகு 20, 40 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஐந்து சுற்றுகளில், அதாவது சுமார் 1.5 வினாடியில் படத்தை அனுப்பி முடித்துவிடும். அதே குழாயில் 2 சதவீத இழப்பைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை மாத்திஸ் முதலானோர் 1997-இல் தந்த சூத்திரம் காட்டுகிறது. இதில் MSS என்பது ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் அளவு, RTT என்பது போய்வரும் நேரம், p என்பது இழப்பு விகிதம்.

```
வேகம் ≈ (MSS / RTT) × (1.22 / √p)
      = (1460 × 8 / 0.3) × (1.22 / √0.02)
      ≈ 336 kbps
```

குழாயின் அகலம் இந்தச் சூத்திரத்தில் எங்குமே இல்லை. 100 எம்பிபிஎஸ் இணைப்பாக இருந்தாலும் ஒரு டிசிபி இணைப்புக்கு நீண்டகாலச் சராசரியாகக் கிடைப்பது இவ்வளவுதான். அந்த வேகத்தில் நம் படத்துக்கு ஏறத்தாழ 10 வினாடி ஆகும். இது சராசரிக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. ஒரு முறை 4 வினாடியிலும் இன்னொரு முறை 15 வினாடியிலும் படம் வரலாம். சர்வர் பிபிஆர் போன்ற வேறு நெரிசல் கட்டுப்பாட்டு முறையைப் பயன்படுத்தினால் இந்தச் சூத்திரமே பொருந்தாது. அதனால்தான் இழப்புச் சோதனையை ஒரே ஒரு முறை ஓட்டிவிட்டு 'தேறியது' என்று எழுதுவதில் பயனில்லை. நாங்கள் ஒவ்வொரு திரையையும் 20 முறை திறந்து, நடுத்தரமான நேரங்களை விட்டுவிட்டு, மிக மோசமான இரண்டு முறைகளில் திரை எப்படி இருந்தது என்பதை மட்டும் காணொளியாக எடுத்துப் பார்த்தோம். படத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்காததால், அது தாமதமாக வந்து விழுந்தபோது 'கூடையில் சேர்' என்ற பொத்தான் விரலுக்கடியில் நழுவிக் கீழே போனது அந்தக் காணொளிகளில்தான் தெரிந்தது.

தேடல் திரையில் வேறு வகை ஏமாற்றம். பயனர் 'வெ' என்று தட்டும்போது ஒரு கோரிக்கை, 'வெண்' என்றதும் இன்னொன்று, 'வெண்டை' என்றதும் மற்றொன்று போகிறது. முதல் கோரிக்கையின் பதில் கடைசியாக வந்து சேர்ந்தால், பெட்டியில் 'வெண்டை' இருக்கும், கீழே வெங்காயமும் வெல்லமும் நிற்கும். எல்லாப் பதில்களையும் ஒரே அளவு தாமதப்படுத்தினால் இந்தப் பிழை வெளிப்படவே வெளிப்படாது, ஏனெனில் சமமான தாமதம் வரிசையை அப்படியே காப்பாற்றிவிடும். இழப்பைக் கூட்டினாலும் அது வெளிப்படும் என்று உறுதியில்லை. எச்டிடிபி/2-இல் எல்லாப் பதில்களும் ஒரே டிசிபி இணைப்பில் வருவதால் ஒரு பாக்கெட் தொலைந்தால் அதன் பின்னால் உள்ள அனைத்தும் சேர்ந்தே காத்திருக்கும். இதற்கு வலைப்பின்னலைக் கெடுப்பதைவிட, தேடுசொல் குறுகியதாக இருந்தால் 3 வினாடி கழித்துப் பதில் சொல்லும்படி சோதனைச் சர்வரில் ஒரு வரி சேர்ப்பதே மேல்.

இனி இரட்டை ஆர்டருக்கு வருவோம். உறுதிசெய்யும் திரையை நாங்கள் ஏரோபிளேன் மோடில் சோதித்திருந்தோம். 'இணையம் இல்லை' என்ற அறிவிப்பு அழகாக வந்தது. ஆனால் ஏரோபிளேன் மோடில் இணைப்பு இல்லை என்று இயங்குதளமே செயலிக்கு உடனே சொல்லிவிடுகிறது. லிஃப்டுக்குள் நுழைந்த கைபேசிக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. கோடுகள் இருக்கும், பாக்கெட்டுகள் மட்டும் வராது. எங்களுக்கு நேர்ந்ததும் அதுவே: கோரிக்கை சர்வரை அடைந்தது, ஆர்டர் பதிவானது, பதில் மட்டும் திரும்பவில்லை. செயலி பயன்படுத்திய OkHttp நூலகத்தின் வாசிப்பு டைம்அவுட் இயல்பாகவே 10 வினாடி. அது முடிந்ததும் திரை 'ஆர்டர் ஆகவில்லை, மீண்டும் முயலுங்கள்' என்றது. வாடிக்கையாளரும் சொன்னபடியே செய்தார்.

இந்த நிலையை வேண்டும்போது உண்டாக்க, ஷாப்பிஃபை நிறுவனம் வெளியிட்ட Toxiproxy என்ற இடைநிலைக் கருவி உதவுகிறது. அது டிசிபி அளவில் இயங்குவதால் பாக்கெட் இழப்பை உண்டாக்காது. ஆனால் ஒரு திசையை மட்டும் அடைக்கும்.

```
toxiproxy-cli create -l 0.0.0.0:9000 -u localhost:8080 order_api
toxiproxy-cli toxic add -t timeout -a timeout=0 order_api
```

இரண்டாவது கட்டளை சர்வரிலிருந்து கைபேசிக்கு வரும் தரவை மட்டும் நிறுத்துகிறது. அதை எப்போது இடுகிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முன்கூட்டியே இட்டுவிட்டால் டிஎல்எஸ் கைகுலுக்கலே முடியாமல் கோரிக்கை சர்வருக்குப் போகாது. நாம் தேடிய நிலை உருவாகாது. முதலில் கூடைத் திரையைத் திறந்து இணைப்பை உயிரோடு ஏற்படுத்திக்கொண்டு, பிறகு அடைப்பை இட்டு, உடனே பொத்தானை அழுத்த வேண்டும். சும்மா இருக்கும் இணைப்பை OkHttp இயல்பாக 5 நிமிடம்தான் வைத்திருக்கும் என்பதால் நடுவில் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. 10 வினாடி கழிந்து திரை சொல்வதைக் குறித்துக்கொண்டு, அடைப்பை நீக்கி, மீண்டும் அழுத்தி, தரவுத்தளத்தில் எத்தனை வரிசைகள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். இங்கே திரை காட்டுவது சான்று ஆகாது. அந்த எண்ணிக்கையே சான்று.

எங்களுக்கு இரண்டு வரிசைகள் வந்தன. கோரிக்கையுடன் ஒரு தனி அடையாள எண்ணை அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் பழைய ஆர்டரையே சர்வர் திருப்பித் தரும்படி மாற்றினோம். மாற்றிய பிறகும் இரண்டு வரிசைகளே வந்தன, ஏனெனில் அந்த எண்ணைப் பொத்தானை அழுத்தும்போது உருவாக்கியிருந்தோம். ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு புதிய எண் கிடைத்தது. கூடையை உறுதிசெய்யத் திரை திறக்கும்போதே ஒரு முறை உருவாக்கிச் சேமித்த பிறகுதான் எண்ணிக்கை ஒன்றாயிற்று. கோரிக்கையே சர்வரை அடையாமல் தொலைந்தாலும் திரைக்கு அதே டைம்அவுட்தான் தெரியும் என்பதால், 'ஆகவில்லை' என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, 'உறுதியாகத் தெரியவில்லை, சரிபார்க்கிறோம்' என்று மாற்றினோம்.

அதே கருவியில் `bandwidth` வகையை `rate=1` என்று வைத்தபோது இன்னொன்று தெரிந்தது. வினாடிக்கு 1 கிலோபைட் சொட்டும் நிலையில் 40 கிலோபைட் ஆர்டர் வரலாறு வர 40 வினாடி ஆயிற்று, டைம்அவுட் வரவே இல்லை. வாசிப்பு டைம்அவுட் இரண்டு வாசிப்புகளுக்கு இடைப்பட்ட அமைதியை அளக்கிறதே தவிர மொத்த நேரத்தை அல்ல. மொத்த நேரத்துக்கு வரம்பு வேண்டுமென்றால் `callTimeout` என்பதை நாமாக வைக்க வேண்டும். அதற்கு இயல்பான வரம்பு எதுவும் இல்லை.

வைஃபையை விட்டு வெளியே நடந்து மொபைல் இணையத்துக்கு மாறும் தருணத்தை மட்டும் இந்தக் கருவிகள் எதுவும் எங்களுக்குக் காட்டவில்லை. கைபேசியின் ஐபி முகவரி மாறுவதால் பழைய டிசிபி இணைப்புகள் சர்வருக்குத் தெரியாமலே பயனற்றுப்போகின்றன. அதற்காக, ஆர்டர் பொத்தானை அழுத்திக்கொண்டே அலுவலக வாசலைத் தாண்டி நடக்கும் வேலையை வாரத்துக்கு ஒருவர் என்று முறைவைத்துக்கொண்டோம்.