கொடை நோட்டீஸில் கேட்ட திருத்தம் மட்டும்தான் நடந்ததா? டிஃபரன்ஸ் மோடில் பார்க்கும் முறை

எங்கள் பக்கம் கோயில் கொடை விழா நோட்டீஸில், வரி கொடுத்த வரிதாரர் பெயர் ஒன்று பிசகினால் கொடை முடிந்த பிறகும் பேச்சு ஓயாது. வில்லிசை நேரத்தை 9 மணியிலிருந்து 10 மணியாக மாற்றச் சொன்னோம். திருத்திய பிடிஎப் வந்தது. வேறு எதுவும் மாறவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

எழுத்தை நகலெடுத்து ஒப்பிடலாம் என்றால், அச்சகங்களில் பல இன்னமும் யூனிகோடு அல்லாத எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கின்றன. ஒட்டினால் குழப்பமான குறிகள்தான் வரும். ஆகவே படமாக ஒப்பிடுவதே வழி. நான் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். இலவசம், இந்த வேலைக்கு அதற்கு மேல் தேவையில்லை.

முதலில் டெர்மினலில் இந்தக் கட்டளைகளைக் கொடுத்து இரண்டு பிடிஎப்களையும் ஒரே அளவில் படமாக்குங்கள்:

```
pdftoppm -r 300 -png old.pdf old
pdftoppm -r 300 -png new.pdf new
```

`File > Open as Layers` மூலம் இரண்டு படங்களையும் திறந்து, புதியதை மேலே வையுங்கள். லேயர் பட்டியலில் அதன் `Mode` என்பதை `Difference` ஆக்குங்கள். ஒரே மாதிரி இருக்கும் இடமெல்லாம் கறுப்பாகிவிடும்; மாறிய இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும்.

பலரும் தடுமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். மாற்றியது ஒரு எண். ஒளிர்வதோ வரி முழுவதும். காரணம், அந்த வரி நடுவில் அமைக்கப்பட்டது. 9 போய் 10 வந்ததும் வரி நீண்டு, இடப்பக்கச் சொற்கள் இடப்புறமும் வலப்பக்கச் சொற்கள் வலப்புறமும் சற்றே விலகிவிட்டன. நகர்த்தும் கருவியை எடுத்து, மேல் லேயரை அம்புக்குறி விசையால் மெல்ல வலப்புறம் தள்ளுங்கள். ஒரு கட்டத்தில் 'வில்லிசை இரவு' என்பது அப்படியே அணைந்துவிடும். பழைய இடத்தையும் தாண்டி இடப்புறம் தள்ளினால் 'மணிக்கு' அணையும். இரண்டிலும் அணையாமல் நிற்பது எண் மட்டுமே. அப்படியென்றால் அந்த வரி சரி.

லேயரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்த பின், `Layer > New from Visible` கொடுத்து, அந்தப் புதிய லேயரில் `Colors > Threshold` திறந்து கீழ் எல்லையை 20 அளவுக்குக் குறையுங்கள். கண்ணுக்குத் தப்பும் மங்கல் வித்தியாசமும் பளிச்சென்று வெள்ளையாகும். எங்கள் நோட்டீஸில் பெயர்ப் பட்டியலின் நடுவே தனியாக ஒரு வெள்ளைப் பொட்டு. பெரிதாக்கிப் பார்த்தால் 'ஐயம்பெருமாள்' புள்ளியிழந்து 'ஐயம்பெருமாள' ஆகியிருந்தார். யாரும் அதைத் தொடச் சொல்லவில்லை.

இரண்டு பதிப்பிலும் ஒரே பிழை இருந்தால் அதுவும் கறுப்பாகத்தான் கிடக்கும். எனவே முதல் பதிப்பை வாய்விட்டுப் படித்துத்தான் ஆக வேண்டும்.

பின்சேர்க்கை: பாளையங்கோட்டை நண்பர் ஒருவருக்கு எழுத்துகளின் ஓரமெல்லாம் புழுதி போல மினுங்கியதாம். அவர் ஒப்பிட்டது வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை. அப்படி அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. அந்தப் புழுதிக்குள் ஒரு புள்ளி மறைந்துகொள்ளும். பிடிஎப்பையே ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.