நின்றிருக்கும் பேருந்தைக் கடக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கற்றுக்கொடுப்பது என் தொழில். நகரத்துக்குள் ஒரு நிறுத்தத்தில் பேருந்து நிற்கிறது, அதைத் தாண்டிப் போக வேண்டும் என்றால், புதிதாகப் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே வரிசையில் ஒரே தவறுகளைச் செய்கிறார்கள். நான் பழகிய காலத்தில் செய்தவையும் அவைதாம். இண்டிகேட்டர் போட மறப்பது, பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் வெளியே வருவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். இடப்பக்கம் ஓட்டும் சாலையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள் திசைகளை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

சீக்கிரம் தாண்டிவிட வேண்டும் என்று வேகத்தைக் கூட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வருகிற தவறு இது. இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான், ஏனென்றால் இதைச் செய்கிறவர் தான் சரியாக ஓட்டுவதாகவே நினைத்துக்கொண்டு செய்கிறார்.

நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை முந்தும்போது, எதிர்த்தடத்தில் நாம் இருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஆகவே கியரைக் குறைத்து, ஆக்சிலரேட்டரை அழுத்தி, சட்டென்று முந்திவிட வேண்டும் என்று கற்பிக்கிறோம். அது அங்கே சரி. பழகுகிறவர் அந்தப் பாடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நின்றிருக்கும் பேருந்தின்மேல் போடுகிறார். பேருந்து எந்த நொடியும் கிளம்பிவிடுமோ என்ற பதற்றமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. விளைவாக, பேருந்தின் வால் பகுதியில் மெதுவாக இருந்த கார், அதன் மூக்கை எட்டும்போது அந்தப் பயணத்தின் உச்ச வேகத்தில் இருக்கிறது. இறங்கிய பயணி சாலையைக் கடக்க வெளிப்படும் இடமோ அந்த மூக்குதான்.

அண்மையில் ஒரு மாலை வகுப்பில் இது கண்ணெதிரே நடந்தது. பழகியவர் நிதானமானவர், கண்ணாடிகளை ஒழுங்காகப் பார்ப்பவர். பேருந்துக்குப் பின்னால் வேகம் குறைத்தார், எதிரே சாலை காலியாக இருந்ததைப் பார்த்தார், வெளியே வந்தார், பிறகு ஆக்சிலரேட்டரை அழுத்தினார். அவருடைய கண் முழுவதும் பேருந்தின் வலப்பக்க இண்டிகேட்டர்மேல் இருந்தது. பேருந்தின் முன்மூலையில் முதலில் தெரிந்தது ஒரு பள்ளிப் பையின் ஓரம். அடுத்த கணம் அந்தப் பையைச் சுமந்த சிறுவன் பாதி உடம்போடு வெளியே இருந்தான். என் பக்கத்து பிரேக்கை நான் மிதித்ததால் கார் நின்றது. சிறுவன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனான். பழகியவர் சொன்ன முதல் வாக்கியம், “பஸ் கிளம்பிடுமேன்னுதான் சார் வேகமாப் போனேன்” என்பது. அவர் கவலைப்பட்டது பேருந்தைப் பற்றி மட்டுமே. பேருந்துக்கு முன்னால் ஆள் இருக்கலாம் என்ற எண்ணமே அவரிடம் இல்லை.

இதில் கணக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். காருக்கும் பேருந்தின் பக்கவாட்டுக்கும் இடையே 1 மீட்டர் இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் நகர்கிறார். ஆகவே பேருந்தின் மறைவிலிருந்து வெளிப்பட்ட பின் நம் பாதைக்குள் வர அவருக்கு முக்கால் நொடிகூடத் தேவையில்லை. ஓடிவந்தால் அதில் பாதி. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 11 மீட்டர் போகிறது. ஆளைக் கண்டு, மூளையில் உறைத்து, கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு நொடி ஆகும் என்று கொண்டால், பேருந்தின் மூக்குக்கு 10 மீட்டர் பின்னால் இருக்கும்போதே அவரைப் பார்த்துவிட்டாலும், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள் கார் அவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. திறமை என்று ஒன்று அங்கே வேலை செய்வதற்கு நேரமே இல்லை.

மணிக்கு 15 கி.மீ. வேகத்தில், நல்ல உலர்ந்த சாலையில், அந்த ஒரு நொடியையும் சேர்த்து ஐந்தரை மீட்டருக்குள் கார் நின்றுவிடும். ஆனால் அந்த வேகமும் பேருந்தின் பின்பாதி வரைக்கும்தான் போதும். மூக்குக்கு 3 மீட்டர் இருக்கும்போது ஆள் வெளிப்பட்டால் 15 கி.மீ.யும் கூடுதலே, நடைவேகத்துக்கு, அதாவது 7 கி.மீ. அளவுக்கு இறங்கியிருந்தால் மட்டுமே இரண்டரை மீட்டருக்குள் நிறுத்த முடியும். ஆகவே வேகம் மாற வேண்டிய வரிசை, பழகுகிறவர்கள் செய்வதற்கு நேர்மாறானது: வால் பகுதியில் 15, நடுவில் அதற்கும் குறைவு, முன் சக்கரத்தை நெருங்கும்போது நடைவேகம், கால் ஆக்சிலரேட்டரிலிருந்து விலகி பிரேக்கின்மேல் தயாராக. பேருந்தின் மூக்கைத் தாண்டி அதன் முன்புறத் தரை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் வேகம் கூட வேண்டும்.

இடைவெளியையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பேருந்தை ஒட்டிப் போகாமல் 2 மீட்டர் விலகிப் போனால், நடந்து வருபவர் நம் பாதையை எட்டுவதற்கு இரு மடங்கு நேரம் ஆகிறது. பார்வையும் சற்று விரிகிறது என்பது உண்மையே, ஆனால் அதைப் பெரிதாக நம்ப வேண்டாம். வலப்பக்கம் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்குக்கூட, பேருந்தை ஒட்டி அதன் முன்னால் நடப்பவர் ஏறக்குறைய விளிம்புக்கு வந்த பிறகே தெரிவார். விலகிப் போவதால் கிடைக்கும் உண்மையான லாபம் நேரம்தான். இடம் கிடைக்காத குறுகிய தெருவில் அந்த நேரத்தை வேகத்தைக் குறைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஜெர்மனியின் போக்குவரத்து விதிகள் இதைச் சட்டமாகவே வைத்திருக்கின்றன. அபாய விளக்குகளை மினுக்கிக்கொண்டு நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தை நடைவேகத்தில் மட்டுமே கடக்கலாம். சாலை நடுவே தடுப்பு இல்லாவிட்டால் எதிர்த்திசையில் வருகிறவருக்கும் அதே கட்டுப்பாடு உண்டு. அப்படியொரு சட்டம் இல்லாத இடத்திலும் கணக்கு மாறுவதில்லை.

“அவ்வளவு மெதுவாகப் போனால் எதிரே வண்டி வந்துவிடாதா?” என்று உடனே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. வெளியே வந்து, 12 மீட்டர் நீளமுள்ள பேருந்தைத் தாண்டி, மறுபடி நம் தடத்துக்குத் திரும்ப ஏறத்தாழ 30 மீட்டர் ஓட வேண்டும். நான் சொல்லும் வேகத்தில் அதற்குப் பத்து நொடி ஆகும். எதிரே 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அந்தப் பத்து நொடியில் 110 மீட்டர் வந்துவிடும். எனவே எதிர்த்தடத்துக்குள் இறங்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த அளவுக்கும் மேல் சாலை காலியாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, பேருந்துக்குப் பின்னால் காத்திருங்கள். மெதுவாகக் கடக்க இடமில்லை என்பது வேகமாகக் கடப்பதற்கான காரணம் ஆகிவிடாது.

பேருந்தின் முதுகில் ஒட்டி நிற்பது

காத்திருக்கச் சொன்னால் பலரும் பேருந்தின் பின்பக்கத்தை முட்டுகிற அளவுக்கு நெருங்கிப் போய் நிற்கிறார்கள். அங்கிருந்து விளம்பரப் பலகையைத் தவிர வேறொன்றும் தெரியாது. வெளியே வர ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்க வேண்டியிருக்கும். அப்படி ஒடித்துக்கொண்டு வரும் காரால் பேருந்தின் பக்கவாட்டிலிருந்து விலகவும் முடியாது. குறைந்தது பேருந்தின் பின் சக்கரங்கள் தரையைத் தொடும் இடம் நம் பானெட்டுக்கு மேலே தெளிவாகத் தெரிகிற தூரத்திலாவது நிற்க வேண்டும்.

தூரத்திலிருந்து வருவதால் இன்னொரு பயனும் உண்டு. தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் பேருந்தாக இருந்தால், 30 மீட்டர் தொலைவில் சற்று வலப்புறமாக வரும்போது, அதன் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே உள்ள சந்தில் மறுபக்கம் நடப்பவர்களின் கால்கள் தெரியும். கதவுப் பக்கம் திரும்பி நிற்கும் கால்கள் ஏறப்போகிறவை. முன் சக்கரத்தை நோக்கி நகரும் செருப்புகள் கடக்கப்போகிறவை. நெருங்கிவிட்டால் பார்வைக் கோடு பேருந்தின் பாதி நீளத்துக்குள்ளேயே தரையைத் தொட்டுவிடும் என்பதால் இந்தக் காட்சி மறைந்துவிடும். ஆகவே வரும்போதே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். எதிரே வரும் வண்டிகளின் விளக்கொளியில் இரவிலும் இது தெரிவதுண்டு. தாழ்தளப் பேருந்துகளில் இது பயன்படாது. கால் எதுவும் தெரியவில்லை என்பதை யாரும் இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

முன்னால் போகும் வண்டியைத் தொடர்ந்தே போய்விடுவது

முன்னால் ஒரு ஆட்டோவோ வேனோ பேருந்தைக் கடந்து போனால், வழி திறந்துவிட்டது என்று நினைத்து அதன் பின்னாலேயே போகிறார்கள். பேருந்தின் மூக்கருகே நின்றிருக்கும் பயணியின் இடத்திலிருந்து பாருங்கள். அந்த வேனுக்காகத்தான் அவர் நின்றார். வேன் போனதும் அடி எடுத்து வைக்கிறார். வேனின் உயரத்தால் அதன் பின்னால் வரும் நம் கார் அவருக்குத் தெரியாது. நமக்கும் அவர் தெரியமாட்டார். முதலில் போன வண்டிக்கு வழிவிட்டவர் இரண்டாவது வண்டியில் அடிபடுவது இப்படித்தான். முன்னால் போன வண்டி நன்றாக விலகிய பிறகு, அந்த மூலையைப் புதிதாக ஒரு முறை பார்த்துவிட்டு, முதலில் வருபவரைப் போலவே கடக்க வேண்டும்.

ஹாரனை நம்புவது

அடியுங்கள், ஆனால் அடித்ததற்காக ஒரு கிலோமீட்டர் வேகத்தைக்கூடக் கூட்டாதீர்கள்.

எதிர்ப்புறத்தை மறந்துவிடுவது

இறங்குகிறவர்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏற வருகிறவர்களை மறந்துவிடுகிறார்கள். பேருந்தைப் பிடிக்க எதிர் நடைபாதையிலிருந்து ஓடிவருபவரின் கண் பேருந்தின் கதவில் இருக்கும், சாலையில் இருக்காது. அவர் பேருந்தைச் சுற்றி அதன் முன்பக்கமாகத்தான் கதவுக்குப் போவார், ஓட்டுநர் தன்னைப் பார்த்துக் காத்திருப்பார் என்பதற்காக. அவர் மறைவிலிருந்து வருவதில்லை, வெட்டவெளியில்தான் வருகிறார் என்பதால் அவரைப் பார்ப்பது எளிது. எதிர் நடைபாதையில் கையைத் தூக்கிக்கொண்டு யாராவது ஓடுகிறார்களா என்று ஒரு பார்வை போதும். பேருந்து ஓட்டுநர் கிளம்பாமல் தயங்கிக்கொண்டிருந்தால், அவர் யாருக்காகவோ காத்திருக்கிறார் என்றே கொள்ளுங்கள்.

தாண்டியதும் இடப்பக்கம் ஒடிப்பது

பேருந்தின் முழு முகமும் உள் கண்ணாடியில் தெரிந்த பிறகு திரும்புங்கள். அதற்கு முன் திரும்பினால் காரின் இடது முன்மூலை, முன்னால் நடப்பவர் நின்றிருக்கும் இடத்தை நோக்கித்தான் போகும்.