எதைப் பற்றி வலைப்பதிவு எழுதலாம்?

உட்லண்ட்ஸில் தமிழ் டியூஷன் எடுக்கும் ஒருவர் வலைப்பதிவு தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். "தமிழ் இலக்கணம்" அவருக்குக் கைவந்த கலை. ஆனால் தொடக்கநிலை 6 பிள்ளையின் அம்மா கூகுளில் தட்டுவது அதுவாக இருக்காது. PSLE Tamil oral என்று, அதுவும் ஆங்கிலத்தில்தான் தட்டுவார்.

இதைச் சோதிக்க, மறைநிலைச் சாளரத்தில் (இல்லாவிட்டால் உங்கள் பழைய தேடல்களே குறுக்கே வரும்) PSLE Tamil என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு a, b, c என ஒவ்வோர் எழுத்தாகச் சேருங்கள். கூகுள் நீட்டும் பரிந்துரைகளில், குறிப்பே பார்க்காமல் பத்துப் பதிவுகள் எழுத முடிகிறவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒவ்வொன்றையும் தேடி முதல் பக்கத்தைப் பாருங்கள். முழுக்க அமைச்சுத் தளமும் பெரிய டியூஷன் நிலையங்களும் என்றால் விட்டுவிடலாம். பழைய மன்ற உரையாடல்களும் விளக்கமில்லாத பிடிஎஃப்களும் வந்தால் அங்கே இடம் காலியாக இருக்கிறது.

ஒரு சொல்லுக்கான தேடல் எப்போது கூடுகிறது, குறைகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தும் பார்க்கலாம். அது காட்டும் 0 முதல் 100 வரையிலான எண் தேடல்களின் எண்ணிக்கை அல்ல, ஒப்பீட்டு அளவுதான். நம் ஊர் சிறியது. பல தமிழ்த் தலைப்புகளுக்கு வெறும் கோடுதான் வரும். அதைப் பார்த்து யாரும் தேடவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வாய்மொழித் தேர்வு ஆகஸ்ட்டில் என்பதால், பதிவுகளை ஜூன் விடுமுறைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.